பேப்பர் கப்பில் நடுநிலையாக்கல் வெப்பம்: 57.2 வந்தால் சந்தோஷப்படாதீர்கள்

தண்டையார்பேட்டையில் மாடி அறையில் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வேதியியல் சொல்லிக்கொடுக்கிறேன். அமிலத்தையும் காரத்தையும் கப்பில் கலந்து வெப்பநிலை ஏறுவதைக் காட்டுவது எளிது. அந்த ஏற்றத்திலிருந்து நம்பக்கூடிய ஒரு எண்ணை எடுப்பதில்தான் போன மாதம் தடுக்கி விழுந்தேன்.

முதலில் கப். டீக்கடைப் பேப்பர் கப் இரண்டை ஒன்றுக்குள் ஒன்று செருகுங்கள். தெர்மாகோல் கப் 2019 ஜனவரியிலிருந்து தமிழ்நாட்டில் தடை, தேடி அலைய வேண்டாம். காசிமேட்டில் மீன் வந்து இறங்கும் தெர்மாகோல் பெட்டி உடைந்து கிடந்தால் ஒரு துண்டு எடுத்து வாருங்கள். நன்றாகக் கழுவிவிட்டு (கழுவாமல் விட்ட வாரம் அறையே நாறியது) கப் இறுக்கமாக உட்காரும்படி ஒரு குழியும், தெர்மாமீட்டர் நுழையும் துளையோடு ஒரு மூடியும் வெட்டிக்கொள்ளலாம்.

தெர்மாமீட்டருக்குச் செலவு செய்யுங்கள். கொளத்தூர் மீன்தொட்டிக் கடைகளில் கிடைக்கும் டிஜிட்டல் கருவி 0.1 டிகிரி காட்டும்தான், ஆனால் சில நொடிகளுக்கு ஒருமுறைதான் எண் மாறும், கலக்கும் நேரத்தில் அது பின்தங்கிவிடும். 0.1 டிகிரிக் கோடுள்ள கண்ணாடித் தெர்மாமீட்டர்தான் என் தேர்வு. எல்லா அளவீட்டுக்கும் அந்த ஒன்றையே பயன்படுத்துங்கள். இரண்டு தெர்மாமீட்டர்கள் ஒத்துப்போய் நான் பார்த்ததில்லை.

கரைசல்கள்: 1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 50 மில்லி, 1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு 50 மில்லி. காரத்தை முந்தின நாளே கரைத்து மூடி வையுங்கள், கரையும்போதே அது சூடாகும். கண்ணாடி அணியாமல் தொடாதீர்கள். மின்விசிறியை நிறுத்துங்கள்.

அமிலத்தைக் கப்பில் ஊற்றி, அரை நிமிடத்துக்கு ஒருமுறை மூன்று நிமிடம் வெப்பநிலை குறியுங்கள். காரமும் அதே வெப்பநிலையில் இருக்க வேண்டும். நான்காவது நிமிடத்தில் காரத்தை ஒரே மூச்சில் ஊற்றிக் கலக்குங்கள், அந்த நிமிடத்தில் எதுவும் குறிக்க வேண்டாம். பிறகு பத்தாவது நிமிடம் வரை மறுபடி அரை நிமிடத்துக்கு ஒருமுறை குறியுங்கள்.

எனக்கு ஆரம்பம் 30.2, நான் கண்ட உச்சம் 36.2. ஆனால் அந்த உச்சத்தை எட்டுவதற்குள்ளேயே கொஞ்சம் வெப்பம் வெளியே போய்விட்டது. வரைபடத்தாளில் கடைசி ஐந்து நிமிடப் புள்ளிகள் மெதுவாகச் சரியும் ஒரு நேர்கோடாக விழும். அந்தக் கோட்டை ஸ்கேல் வைத்துப் பின்னோக்கி நான்காவது நிமிடம் வரை நீட்டினேன், 36.5 வந்தது. இழப்பே இல்லாமல் நொடியில் கலந்திருந்தால் இருந்திருக்கும் வெப்பநிலை அதுதான். ஆக ஏற்றம் 6.3 டிகிரி.

100 மில்லி கரைசலை 100 கிராம் தண்ணீராக எடுத்துக்கொண்டால் டிகிரிக்கு 418 ஜூல். உப்புக்கரைசலின் அடர்த்தி சற்றுக் கூடுதல், தன்வெப்பம் சற்றுக் குறைவு. இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றை ஒன்று சரிக்கட்டிவிடும். வினைபட்டது 0.05 மோல். உச்சத்தை மட்டும் வைத்தால் மோலுக்கு 50.2 கிலோஜூல், நீட்டிய கோட்டை வைத்தால் 52.7.

இன்னும் கப்பும் தெர்மாமீட்டரும் உறிஞ்சிய வெப்பம் பாக்கி. நான் விழுந்த குழி இதுதான்.

கப்பின் வெப்ப ஏற்புத்திறனுக்குப் புத்தக முறை: கப்பில் 50 மில்லி அறைவெப்பத் தண்ணீர், அதில் 50 மில்லி வெந்நீர் ஊற்றிக் கலவையின் வெப்பநிலை பார்ப்பது. குளிர்நீர் 30.0, டம்ளரில் வெந்நீர் 50.0, கலவை (கோட்டை நீட்டி) 39.2. வெந்நீர் இழந்ததில் குளிர்நீர் பெற்றது போக மீதி 334 ஜூல். அதை 9.2 டிகிரியால் வகுத்தால் டிகிரிக்கு 36 ஜூல். அதைச் சேர்த்ததும் விடை 57.2! பாடப்புத்தகத்தில் 57.3. பலகையில் எழுதி, கீழே இரண்டு கோடும் போட்டேன்.

மறுநாள் ஒரு மாணவி அதே கப்பில் இந்த வெந்நீர்ச் சோதனையைச் செய்தாள், ஏற்புத்திறன் டிகிரிக்கு 48 ஜூல் வந்தது. "சார், கப்பு அதேதானே?" என்றாள். சரி, அவள் ஊற்றியதைப் பார்த்தேன். சிந்தக்கூடாது என்று பொறுமையாக ஊற்றினாள், நான் சட்டென்று கவிழ்த்திருந்தேன். கப்பின் ஏற்புத்திறன் ஊற்றும் கையைப் பொறுத்து மாறாது. டம்ளரில் படித்த 50.0, கப்புக்குப் போய்ச் சேரும்போது 50.0 ஆக இல்லை. வெந்நீரை இன்னொரு பேப்பர் கப்பில் ஊற்றி அளந்தேன், 49.3. அந்த 0.7 டிகிரி காற்றோடு போன கணக்கை நான் கப்பின் தலையில் கட்டியிருக்கிறேன். 49.3 போட்டால் 36 என்பது 20 ஆகிவிடுகிறது.

ஆகவே தலைகீழாகச் செய்யுங்கள். வெந்நீரை நம் கப் கலோரிமீட்டரிலேயே ஊற்றி, மூடி, அது மெதுவாக ஆறுவதை மூன்று நிமிடம் குறித்து அந்தக் கோட்டை நான்காவது நிமிடத்துக்கு நீட்டுங்கள். அப்புறம் அறைவெப்பத் தண்ணீரை ஊற்றுங்கள். ஏற்கெனவே அறையின் வெப்பநிலையில் இருப்பதால் எவ்வளவு மெதுவாக ஊற்றினாலும் அது மாறாது. இப்போது கப்பும் வெந்நீரோடு சேர்ந்து ஆறுகிறது, அதனால் கப்பின் ஏற்புத்திறனை C என்று வைத்தால் கணக்கு இப்படி:

```
50 × 4.18 × (39.9 − 30.0) = (50 × 4.18 + C) × (48.9 − 39.9)
C = 188 / 9.0 ≈ 21 J/K
```

மூன்று முறை செய்ததில் 18, 21, 23. கலவை வெப்பநிலையில் 0.1 டிகிரி பிசகினாலே C சுமார் 5 நகரும், அதனால் இந்தச் சிதறல் இயல்புதான். சராசரி 21-ஐ வைத்தேன்.

```
q  = (418 + 21) × 6.3 = 2766 J
ΔH = −2.766 / 0.05 ≈ −55.3 kJ/mol
```

57.3 வரவில்லையே என்று வருந்த வேண்டாம். அது 13.7 கிலோகலோரி என்ற பழைய எண்ணின் மறுவடிவம், ஏறத்தாழ 18 டிகிரிக்குப் பொருந்துவது. 25 டிகிரியில், மிக நீர்த்த கரைசலுக்கு, ஏற்கப்பட்ட மதிப்பு 55.8. வெப்பநிலை ஒரு டிகிரி ஏறினால் அது 0.2 போலக் குறையும். என் மாடி அறை மார்கழியிலேயே 25-க்கு இறங்குவது அபூர்வம்.

பின்சேர்க்கை: 46-ஐத் தாண்டவில்லை என்று ஒருவர் எழுதியிருந்தார். அவருடைய காரம் மூடி சரியில்லாத பாட்டிலில் இருந்த பழைய வில்லைகள். அவை ஈரத்தையும் கார்பன் டை ஆக்சைடையும் இழுத்துக்கொள்ளும், எனவே 2 கிராம் எடுத்தாலும் 0.05 மோல் கிடைக்காது. முடிந்த கலவையில் ஒரு சொட்டு பினாப்தலீன் விட்டு, இளஞ்சிவப்பு வரும் வரை அதே காரக் கரைசலை பியூரெட்டிலிருந்து விடச் சொன்னேன். 9 மில்லி பிடித்ததாம். 50 மில்லி அமிலத்துக்கு 59 மில்லி காரம் என்றால், அவர் ஊற்றிய 50 மில்லியில் இருந்தது 0.042 மோல்தான். 46-ஐ அந்த மோலுக்குத் திருத்தினால் 54-க்கு மேல் வருகிறது.