ஆயுளைத் திருத்தினால் பழைய தேய்மானத்தைத் தொடாதீர்கள்

இயந்திரம் வாங்கிய அன்று போட்ட பயன்பாட்டு ஆயுளும் எஞ்சிய மதிப்பும் கடைசிவரை அப்படியே கிடப்பதைப் பல சொத்துப் பதிவேடுகளில் பார்க்கலாம். சர்வதேசக் கணக்கியல் தரநிலை 16 இதை ஏற்பதில்லை. ஒவ்வொரு நிதியாண்டு முடிவிலாவது இரண்டையும் திரும்பப் பார்க்கச் சொல்கிறது. ஏட்டு மதிப்பு பூஜ்யமாகிவிட்ட இயந்திரங்கள் வரிசையாக இன்னும் ஓடிக்கொண்டிருந்தால், அங்கே யாரும் திரும்பப் பார்க்கவில்லை என்று அர்த்தம்.

பார்ப்பவர்களும் பெரும்பாலும் தவறுவது அடுத்த படியில்தான். ஓர் இயந்திரத்தின் விலை 12 லட்சம், எஞ்சிய மதிப்பு 2 லட்சம், ஆயுள் 10 ஆண்டு என்று வைத்துக்கொள்வோம். நேர்க்கோட்டு முறையில் ஆண்டுக்கு 1 லட்சம் தேய்மானம். 4 ஆண்டு முடிந்தபோது ஏட்டு மதிப்பு 8 லட்சம். 5-ஆம் ஆண்டு தொடக்கத்தில் பராமரிப்புப் பொறியாளர், உற்பத்தி ஷிப்ட் கூடிவிட்டதால் இயந்திரம் மொத்தம் 8 ஆண்டுதான் தாங்கும் என்கிறார். அந்த நிலையில் விற்றால் 1 லட்சம்தான் தேறும்.

சரியான கணக்கு சுலபம். இன்றைய ஏட்டு மதிப்பு 8 லட்சத்திலிருந்து புதிய எஞ்சிய மதிப்பு 1 லட்சத்தைக் கழித்து, மீதமுள்ள 4 ஆண்டால் வகுக்க வேண்டும். ஆண்டுக்கு 1,75,000.

ஆனால் பலர் மறுபடி முதல் விலைக்குப் போய்விடுகிறார்கள். 12 லட்சத்தில் 1 லட்சம் போக 11 லட்சத்தை 8-ஆல் வகுத்து 1,37,500 என்று போடுகிறார்கள். அப்படியே போனால் 8-ஆம் ஆண்டு முடிவில் ஏட்டில் 2,50,000 நிற்கும். இயந்திரத்துக்குக் கிடைக்கப்போவதோ 1 லட்சம். இன்னும் சிலர் 7 லட்சத்தை மீதமுள்ள 4-க்குப் பதில் மொத்த ஆயுளான 8-ஆல் வகுக்கிறார்கள். விடை 87,500. ஆயுள் குறைந்திருக்கிறது, எஞ்சிய மதிப்பும் குறைந்திருக்கிறது, தேய்மானமும் குறைகிறது என்றால் அந்த இடத்திலேயே நிறுத்திச் சரிபார்க்க வேண்டும்.

மூன்றாவது தவறு பார்க்க நேர்மையாகத் தெரியும், அதனால்தான் ஆபத்து. “முதலிலிருந்தே 8 ஆண்டு என்று போட்டிருந்தால் இதுவரை 5,50,000 எழுதியிருப்போம், எழுதியதோ 4 லட்சம், விடுபட்ட 1,50,000-ஐ இப்போது எழுதிவிடலாம்” என்ற வாதம். இதில் எதுவும் விடுபடவில்லை. அந்த 4 ஆண்டுக் கணக்குகளும் அன்று தெரிந்த தகவலின் மேல் நியாயமாகப் போட்டவை. ஷிப்ட் கூடியது பிறகு நடந்தது. பிறகு நடந்ததை வைத்துப் பழைய லாபத்தைத் திருத்த ஆரம்பித்தால், ஒவ்வொரு மறுஆய்வுக்கும் முடிந்துபோன கணக்குகளைப் பிரிக்க வேண்டிவரும். படிப்பவர் எந்த ஆண்டு அறிக்கையையும் நம்ப முடியாது. அதனால்தான் சர்வதேசக் கணக்கியல் தரநிலை 8, மதிப்பீட்டு மாற்றத்தின் விளைவு இந்த ஆண்டிலும் இனி வரும் ஆண்டுகளிலும் மட்டும் விழ வேண்டும் என்கிறது.

ஒரு விலக்கு உண்டு. 8 ஆண்டுதான் தாங்கும் என்ற தொழில்நுட்ப அறிக்கை முதல் நாளே கோப்பில் இருந்து, அதைக் கவனிக்காமல் 10 என்று போட்டிருந்தால் அது மதிப்பீட்டு மாற்றமே அல்ல, பிழை. தொகை முக்கியமானதாக இருந்தால் முந்தைய ஆண்டுகளைத் திருத்தித்தான் ஆக வேண்டும். அந்தத் தகவல் அன்று கையில் இருந்ததா, இருந்திருக்க வேண்டுமா என்பதுதான் பிரிக்கும் கேள்வி. ஆய்வுக் குறிப்பில் புதிய தகவல் எது, எப்போது வந்தது என்று எழுதி வையுங்கள். அது இல்லாமல் ஆடிட்டரிடம் இதை நிறுவுவது கஷ்டம்.

எஞ்சிய மதிப்பில் வேறு மாதிரிச் சறுக்கல். 4 ஆண்டு கழித்து விலைவாசி எங்கே போகும் என்று ஊகித்து அதை ஏற்றிவிடுவார்கள். கேட்க வேண்டியது, ஆயுள் முடியும்போது இருக்கும் வயதிலும் நிலையிலும் உள்ள இதே மாதிரி இயந்திரத்தை இன்று விற்றால், விற்கும் செலவு போக என்ன கிடைக்கும் என்பது. அந்தத் தொகை ஏட்டு மதிப்பை எட்டினாலோ தாண்டினாலோ தேய்மானம் பூஜ்யம், அவ்வளவுதான். ஏற்கெனவே எழுதியதைத் திரும்ப எடுக்கக் கூடாது.

ஆயுள் சட்டென்று குறைகிறதென்றால் 8 லட்சத்தை அந்த இயந்திரம் இனி பயன்பாட்டிலோ விற்பனையிலோ ஈட்டித் தருமா என்றும் பாருங்கள். தராது என்றால் அது மதிப்பிழப்பு. அதற்குத் தனிச் சோதனை, தனி நஷ்டம். அதைத் தேய்மானத்துக்குள் ஒளித்துவைக்கக் கூடாது.

கடைசியாக ஒரு சரிபார்ப்பு. 5 முதல் 8 வரை ஆண்டுக்கு 75,000 கூடி மொத்தம் 3 லட்சம் ஏறுகிறது. 9, 10-ஆம் ஆண்டுகளில் வந்திருக்க வேண்டிய 2 லட்சம் இல்லாமல் போகிறது. நிகர வித்தியாசம் 1 லட்சம், எஞ்சிய மதிப்பில் குறைந்த அதே 1 லட்சம். உங்கள் கணக்கில் இது பொருந்தவில்லை என்றால் எங்கோ பழைய ஆண்டுகளைத் தொட்டிருக்கிறீர்கள், அல்லது தவறான எண்ணால் வகுத்திருக்கிறீர்கள்.