பச்சைக்குழந்தை கீச்சென்று மூச்சு இழுத்தால்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவின் ஆயர் ஈத்தாமிலிருந்து ஒரு இளம் தாய், ஐந்து வாரப் பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு எங்கள் கிளினிக்குக்கு வந்தார். மூச்சை உள்ளே இழுக்கும்போதெல்லாம் கோழிக்குஞ்சு கத்துவதுபோல ஒரு கீச்சுச் சத்தம். இரண்டாவது வாரத்தில் தொடங்கியதாம். பாட்டி அதைச் சளி என்று முடிவுகட்டி மூக்கில் எண்ணெய் விட்டிருந்தார்.

பாட்டிமேல் கோபமில்லை, ஆனால் முதல் தவறு அதுதான். மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால் நிமோனியாவில் கொண்டுபோய் விடும். போதாததற்கு, இது சளியே இல்லை. குரல்வளையின் மேல்பகுதி சில குழந்தைகளுக்குத் தொளதொளவென்று இருக்கும். மூச்சு இழுக்கும்போது அது காற்றோடு உள்ளே சரிந்து வழியை மறிக்கும். வெளியே விடும்போது அந்தக் காற்றே அதைத் தள்ளித் திறந்துவிடும். அதனால்தான் இழுக்கும்போது மட்டும் சத்தம். இதற்குப் பெயர் லாரிங்கோமலேசியா. நெபுலைசர் வைத்தாலும் போகாது.

குழந்தையின் சட்டையைக் கழற்றிப் பார்த்தோம். அழுகை கணீரென்று இருந்தது. மல்லாக்கப் படுத்தால் சத்தம் கூடியது, தோளில் சாய்த்தால் குறைந்தது. 3 கிலோவில் பிறந்தவள், இப்போது 3.9 கிலோ. பால் நன்றாகக் குடிக்கிறாள். காது மூக்கு தொண்டை மருத்துவர் மூக்கு வழியாக மெல்லிய கேமராக் குழாய் விட்டுப் பார்த்து உறுதிசெய்தார். ஆறு மாதம்வரை சத்தம் இன்னும் கூடலாம், பயந்து கிளினிக் கிளினிக்காக அலைய வேண்டாம் என்று சொல்லி அனுப்பினோம். பெரும்பாலும் ஒன்றரை வயதுக்குள் அடங்கிவிடும். அப்புறம் ஒன்று: குப்புறப் போட்டால் சத்தம் குறைகிறதே என்று அப்படியே தூங்க வைக்கக் கூடாது. மருத்துவர் வேறு மாதிரி சொல்லாதவரை மல்லாக்கத்தான்.

இதைவிடப் பெரிய தவறு, பக்கத்து வீட்டுக் குழந்தைக்குத் தானாகச் சரியானது என்று நம் குழந்தையையும் விட்டுவிடுவது. அப்படி விடப்பட்ட ஒரு ஆண் குழந்தைக்கு இரண்டு மாதத்தில் இழுக்கும்போதும் விடும்போதும் சத்தம். குரல் கம்மியிருந்தது. தாடையில் செக்கச்செவேலென்று ஒரு தடிப்பு. அதே மாதிரி ரத்தக்குழாய்க் கட்டி ஒன்று குரல்நாணுக்குக் கீழேயும் வளர்ந்துகொண்டிருந்தது. அதற்கு ப்ரொப்ரனலால் மருந்து உண்டு, சத்தம் தானாகப் போகும் என்று காத்திருப்பதுதான் ஆபத்து. பிறந்த நிமிடத்திலிருந்தே சத்தம் இருந்து அழுகையும் பலவீனமாக இருந்தால் குரல்நாண் செயலிழந்திருக்கலாம். தொண்டையில் குழாய் வைத்து வென்டிலேட்டரில் இருந்த குழந்தை என்றால் மூச்சுக்குழாய் சுருங்கியிருக்கலாம்.

லாரிங்கோமலேசியா என்று உறுதியான குழந்தைக்கும் எடை ஏறாவிட்டால், பால் குடிக்கும்போது அடிக்கடி புரையேறினால், சீக்கிரம் திரும்பக் காட்டுங்கள். சிலருக்குச் சிறு அறுவை சிகிச்சை தேவைப்படும். உதடு நீலமானாலோ, மூச்சு நின்று நின்று வந்தாலோ, விலாவும் தொண்டைக் குழியும் ஆழமாக உள்வாங்கினாலோ உடனே அவசர எண் 999-ஐ அழையுங்கள்.

டாக்டர் முன்னால் பெரும்பாலான குழந்தைகள் சமர்த்தாகத் தூங்கிவிடும். அதனால் சட்டையைக் கழற்றி, நெஞ்சும் முகமும் தெரிய, தூங்கும்போதும் பால் குடிக்கும்போதும் அழும்போதும் கைபேசியில் வீடியோ எடுத்து வாருங்கள்.