பள்ளி பிசினஸ் ப்ராஜெக்டில் பொசிஷனிங்: ஒரு பொடி இட்லி ஸ்டாலை வைத்துச் செய்து பார்ப்போம்

கணக்கில் சந்தேகம் என்றால் உங்கள் வகுப்பில் யாரிடம் போவீர்கள்? ஒரு பெயர் உடனே மனசில் வரும். "எனக்கு எல்லாமே தெரியும்" என்று சொல்பவரின் பெயர் வராது, ஏனென்றால் அவரை எதற்காகத் தேடுவது என்று யாருக்கும் பிடிபடவில்லை. பொசிஷனிங் இதுதான். ஒரு தேவை எழும்போது வாங்குபவர் மனசில் முதலில் வரும் பெயராக இருப்பது. கணக்குக்கு ஏற்கெனவே ஒருவர் இருந்தால் அவரோடு மோத வேண்டாம்; 'வரைபடக் கணக்குக்கு மட்டும்' என்ற இடம் காலியாக இருக்கலாம்.

மும்பை மாட்டுங்காவில் ஒரு பள்ளி விழாவில் பொடி இட்லி ஸ்டால் போடுவதாக வைத்துக்கொள்வோம்.

முதலில் போட்டியாளர்களை எழுதுங்கள். இன்னொரு இட்லிக்கடை மட்டும் போட்டி இல்லை. அதே பசிக்கு அதே காசை வாங்கிக்கொள்ளும் வடாபாவ், சமோசா, பிஸ்கட் எல்லாமே போட்டிதான்.

அடுத்து 15 பேரிடம் கேளுங்கள். "பொடி இட்லி பிடிக்குமா?" என்று கேட்டால் நண்பர்கள் மனசு நோகாமல் "ஆமா" என்பார்கள், அந்தப் பதிலால் பயனில்லை. "கடைசியா இடைவேளையில என்ன வாங்கின? அதுல எது தொந்தரவா இருந்தது?" என்று கேளுங்கள். "கையெல்லாம் எண்ணெய்", "பிஸ்கட் தின்னாலும் பசி அடங்கல" என்று பதில் வந்தால், அவர்கள் சொன்ன அந்த இரண்டையுமே அச்சாக வைத்து ஒரு கட்டம் வரையுங்கள்: பசி அடங்குமா, கை சுத்தமாக இருக்குமா. ஒவ்வொரு போட்டியாளரையும் அதில் ஒரு புள்ளியாக வையுங்கள்.

பெரும்பாலானோர் சறுக்குவது இங்கேதான். விலையையும் தரத்தையும் அச்சாகப் போட்டுவிடுவார்கள். தரம் ஏற விலையும் ஏறுவதால் புள்ளிகள் எல்லாம் ஒரே சாய்கோட்டில் விழும். பயனுள்ள காலியிடம் எதுவும் தெரியாது. நம் கட்டத்தில் வடாபாவும் சமோசாவும் பசியை அடக்கும், கையில் ஒட்டும். பிஸ்கட் அதற்கு நேர் எதிர். பசியும் அடங்கி, கையும் சுத்தமாக இருக்கும் மூலை காலி. ஆனால் யாருக்கும் வேண்டாததாலும் ஓர் இடம் காலியாகக் கிடக்கலாம். 15 பேரில் நான்கைந்து பேராவது எண்ணெய்த் தொல்லையைத் தாங்களாகவே சொல்லியிருந்தால் மட்டும் அந்த மூலையை எடுங்கள்.

இப்போது ஒரே வாக்கியம் எழுதுங்கள்: "இடைவேளையில் பசிக்கும் மாணவர்களுக்கு, கையில் ஒட்டாமல் வயிறு நிறையும் டிபன் எங்கள் பொடி இட்லி, ஏனென்றால் ஒரே வாயில் போகும் மினி இட்லியை மூடிய கப்பில் குச்சியோடு தருகிறோம்." யாருக்கு, என்ன வகை, என்ன பயன், ஏன் நம்பலாம் என்ற நான்கும் இதில் இருக்க வேண்டும். பலரும் விட்டுவிடுவது நான்காவதை. அது இல்லாவிட்டால் வெறும் விளம்பர வாசகம்தான் மிஞ்சும்.

மற்ற முடிவுகளை இந்த வாக்கியமே எடுக்கும். ஒரு கப்புக்குப் பத்து மினி இட்லி, பொடி ஒரு டீஸ்பூன், நல்லெண்ணெய் ஒரு டீஸ்பூன் போதும். எண்ணெய் கூடினால் கப்பின் அடியில் தேங்கி, கொடுத்த வாக்கே பொய்யாகும். "சாம்பாரும் வைங்களேன்" என்று நண்பர்கள் கேட்பார்கள். வைத்தால் கை அழுக்காகும், நீங்களும் இன்னொரு இட்லிக்கடை ஆகிவிடுவீர்கள்.

கடைசியாக, ஐந்து பேருக்கு அந்த வாக்கியத்தைச் சொல்லிவிட்டு, மறுநாள் "நாங்க என்ன விக்கிறோம்?" என்று கேளுங்கள். "இட்லி" என்று மட்டும் சொன்னால் வாக்கியத்தைச் சுருக்கி மறுபடி எழுதுங்கள். "கையில ஒட்டாத இட்லிதானே?" என்று மூன்று பேராவது சொன்னால், அதையே ஸ்டால் பலகையில் எழுதிவிடலாம்.