முதல் அனுசரணைக்கு எவ்வளவு கேட்பது, பார்ப்பவர்களிடம் அதை எப்படிச் சொல்வது

என் சனலில் வருவது மலைநாட்டு மரக்கறிதான். லீக்ஸ், கெரட், கோவா, போஞ்சி என்று லயத்துக்குப் பக்கத்துக் காணியில் போடுவதைப் படம்பிடித்துப் போடுகிறேன். இப்படி ஆசைக்கு நடத்தும் சனலுக்கு ஒருநாள் பசளை விற்கும் கம்பனியோ விதைக் கடையோ வாட்ஸப்பில் வந்து, "எங்கட சாமானைப் பற்றி ஒரு வீடியோ போடலாமா, எவ்வளவு எடுப்பீங்க?" என்று கேட்கும். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதற்கான பதிவு இது. சனல் திறப்பது, எடிட் பண்ணுவது எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

1. உங்கள் உண்மையான பார்வை எண்ணிக்கையை எடுங்கள்

சந்தாதாரர் எண்ணிக்கையை விட்டுவிடுங்கள். யூடியூப் ஸ்டூடியோவில் கடைசிப் பத்து வீடியோக்களைத் திறந்து, ஒவ்வொன்றும் வெளியான முதல் 30 நாளில் எத்தனை பார்வை பெற்றது என்று திகதியைத் தெரிவுசெய்து எழுதுங்கள். 30 நாள் முடியாத வீடியோவைச் சேர்க்க வேண்டாம்.

ஒரு உதாரணம்: 2,100, 2,400, 2,600, 3,000, 3,300, 3,700, 4,000, 4,400, 5,100, 61,000. இதன் சராசரி 9,160. ஆனால் பத்தில் ஒன்பது வீடியோ அந்த எண்ணுக்குக் கிட்டவும் போகவில்லை. எப்படியோ பரவிய ஒரே ஒரு வீடியோ கணக்கைத் தூக்கிவிட்டது. அதனால் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கி நடுவில் வருவதை எடுங்கள். இங்கே 3,300க்கும் 3,700க்கும் நடுவே, 3,500. நான் கூகுள் ஷீட்ஸில்தான் போடுகிறேன்:

```
=MEDIAN(B2:B11)
```

2. பார்ப்பவர்கள் எங்கே இருக்கிறார்கள்?

விலை சொல்வதில் என்னை நீண்டநாள் நிறுத்தி வைத்தது இந்தப் படிதான். இணையத்தில் கிடைக்கும் விலைக் கணக்குகளில் பெரும்பாலானவை மொத்தப் பார்வையோடு முடிந்துவிடுகின்றன. தமிழில் பேசும் சனலுக்கு அது சரிவராது. நம் வீடியோவை ஹட்டனில் இருப்பவரும் பார்ப்பார், திருச்சியில் இருப்பவரும், கட்டாரில் வேலை செய்பவரும், கனடாவில் இருப்பவரும் பார்ப்பார். நுவரெலியாவிலும் ஹட்டனிலும் மட்டும் பை விற்கும் பசளைக் கம்பனிக்குக் கனடாப் பார்வையால் ஒரு பையும் விற்காது.

ஸ்டூடியோவின் Audience பகுதியில் நாடுவாரியான விகிதம் இருக்கும். இலங்கை 60 வீதம் என்றால், 3,500இல் 2,100தான் அந்தக் கம்பனிக்கு விற்கக்கூடியது. இதை நீங்களே முதலில் சொல்லுங்கள், திரைப்பிரதியையும் அனுப்புங்கள். தேயிலையை வெளிநாட்டுக்குத் தபாலில் அனுப்பும் ஒருவர் வந்தால் கணக்கு தலைகீழாகும். அவருக்கு வேண்டியது மற்ற 40 வீதம்.

3. விலையை அவர்களின் இலாபத்திலிருந்து பிடியுங்கள்

"ஒரு பை விற்றால் உங்களுக்கு எவ்வளவு மிஞ்சும்?" என்று நேராகக் கேளுங்கள். 150 ரூபா என்று வைப்போம். 2,100 பேரில் ஐம்பதில் ஒருவர் வாங்கினால் 42 பை, 6,300 ரூபா இலாபம். ஐம்பதில் ஒருவர் என்பது என் ஊகம்தான். ஆனாலும் பேச்சைத் தொடங்க ஒரு தளம் கிடைத்துவிடுகிறது. இதுதான் பார்வைக்கான விலை.

இதோடு உங்கள் உழைப்பைத் தனியாகக் கூட்டுங்கள். வழக்கமான வீடியோவுக்குள் ஒரு நிமிடம் பேசுவதென்றால் அதற்கான கூடுதல் வேலை சில மணித்தியாலம்தான், 2,200 ரூபா போடலாம். மொத்தம் 8,500. முழு வீடியோவும் அந்தப் பொருளைப் பற்றியதென்றால் இரண்டு நாள் வேலையும் போக்குவரத்தும் சேர்ந்து 9,500, மொத்தம் 15,800. இரண்டு விலையையும் ஒரே பக்கத்தில் எழுதி அனுப்புங்கள். குரல்பதிவில் விலை பேசாதீர்கள். பின்னால் தேடி எடுக்க முடியாது.

அனுப்பும் முன் ஒரு சோதனை: 8,500ஐ 150ஆல் வகுத்தால் 57 பை. உங்கள் பேச்சைக் கேட்டு இத்தனை பை விற்கும் என்று உங்களுக்கே நம்பிக்கை இல்லையென்றால் விலையைக் குறையுங்கள், அல்லது அந்தப் பொருள் உங்கள் சனலுக்குப் பொருந்தாது என்று சொல்லிவிடுங்கள். விற்காத அனுசரணையாளர் இரண்டாம் முறை வரமாட்டார்.

உங்கள் வீடியோவை வெட்டித் தங்கள் பேஸ்புக்கில் விளம்பரமாக ஓடவிட அவர்கள் கேட்டால், அதற்கு வேறு விலை, வேறு காலம். மூன்று மாதம் என்று எழுதிக்கொள்ளுங்கள். எழுதாவிட்டால் உங்கள் முகம் வருடக்கணக்கில் அந்தப் பையோடு சுற்றும். பாதி முற்பணம் வந்த பிறகே படம்பிடிப்பு.

4. எழுத்தில் ஒரு வரி

"தகவல் பிழை இருந்தால் திருத்துவேன், என் கருத்தை மாற்றமாட்டேன்." இதை ஒத்துக்கொள்ளாதவர்களோடு நான் வேலை செய்வதில்லை. ஒரு கம்பனி "விளைச்சல் இரட்டிப்பாகும் என்று சொல்லுங்க" என்றது. கெரட் பிடுங்க ஏறக்குறைய மூன்று மாதம் வேண்டும். பை வந்த மூன்றாம் வாரத்தில் விளைச்சலைப் பற்றி என்ன தெரியும்? இலை நிறம் எப்படியிருக்கிறது என்று மட்டும் சொல்லலாம்.

சோதிக்கும்போது ஒரு வரிசைக்குப் பசளை போட்டு, பக்கத்து வரிசையைச் சும்மா விடுங்கள். நம் மண் புளிப்பு மண், டொலமைட் போடுவோம். அதை இரண்டு வரிசைக்கும் ஒரே அளவு போடுங்கள். இல்லையென்றால் டொலமைட் செய்த வேலைக்குப் பசளைக்குப் பெயர் போகும். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம், வியாபாரி நுகர்வோரைத் தவறாக வழிநடத்துவதைத் தடுக்கிறது. கம்பனி தயங்கினால் இதை நினைவூட்டுங்கள்.

5. பார்ப்பவர்களிடம் சொல்வது

வீடியோவை ஏற்றும்போது, விவரங்களின் கீழே Paid promotion என்ற இடத்தில் சரி போட வேண்டும். போட்டால் வீடியோவின் தொடக்கத்தில் சில விநாடிகள் ஒரு குறிப்பு வரும். இது கட்டாயம், ஆனால் இது மட்டும் போதாது. அந்தக் குறிப்பு சின்னதாக ஓரத்தில் வந்து மறைந்துவிடும். நம் ஊரில் வீடியோவை வெட்டி வாட்ஸப் குழுவில் போடுவார்கள், அங்கே அந்தக் குறிப்பும் இருக்காது, கீழே எழுதிய விவரமும் இருக்காது.

அதனால் பொருளைக் கையில் எடுப்பதற்கு முன்பே வாயால் சொல்லுங்கள்: "இந்தப் பசளைக் கம்பனி இந்த வீடியோவுக்கு எனக்குக் காசு தந்திருக்கு. போட்டுப் பார்த்து எனக்குத் தெரிஞ்சதை மட்டும் சொல்றேன்." 'நண்பர்களோடு இணைந்து' என்றெல்லாம் சுற்றி வளைத்தால் வீட்டில் இருக்கும் அம்மாமாருக்கு அது விளம்பரம் என்று விளங்காது. பிறகு அந்தப் பகுதி முடியும்வரை "காசு பெற்ற விளம்பரம்" என்ற எழுத்து திரையிலேயே நிற்கட்டும். யாராவது வெட்டிப் பகிர்ந்தாலும் அது கூடவே போகும். நான் கேப்கட்டில் கறுப்புப் பட்டியில் வெள்ளை எழுத்து போடுகிறேன், பச்சை இலைகளுக்கு மேல் அதுதான் தெளிவாகத் தெரிகிறது. விவரப்பெட்டியிலும் முதல் வரியாக இதை எழுதுங்கள். கீழே தள்ளி எழுதினால் யாரும் விரித்துப் பார்ப்பதில்லை.

பின்சேர்க்கை

பண்டாரவளையிலிருந்து ஒரு தங்கச்சி பின்னூட்டத்தில் கேட்டிருந்தார்: காசு தரவில்லை, நாலு பை பசளை மட்டும் இலவசமாகத் தந்தார்கள், அதையும் சொல்ல வேண்டுமா? ஆம், சொல்லத்தான் வேண்டும். "காசு வாங்கவில்லை, நாலு பை இலவசமாகக் கிடைத்தது" என்று உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள், Paid promotion என்ற இடத்திலும் சரி போடுங்கள். அந்த நாலு பையின் கடை விலையையும் உங்கள் வேலைக்கான தொகையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். பையின் விலை குறைவாக இருந்தால் மீதியைக் காசாகக் கேட்கலாம். பை போதும் என்று முடிவுசெய்தால், முழு வீடியோவுக்குப் பதிலாக ஒரு நிமிடம் மட்டும் பேசுவதாக அவர்களிடம் சொல்லிவிடுங்கள்.