எல்.இ.டி. போட்ட காசு எப்போது திரும்பும்? கணக்கில் தவறும் இடங்கள்

சேலம் அஸ்தம்பட்டியில் ஒரு வீடு. இரண்டு மாதத்துக்கு 540 யூனிட் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஹாலில் சோக் வைத்த பழைய டியூப் லைட் இரண்டு, சமையலறையில் ஒரு 60 வாட் குண்டு பல்பு, வாசலில் விடிய விடிய எரியும் இன்னொரு 60 வாட். நான்கையும் எல்.இ.டி.க்கு மாற்ற, டியூப் ஒன்று 250 ரூபாய், பல்பு ஒன்று 100 ரூபாய் என்று மொத்தம் 700 ரூபாய் ஆகும். இந்த 700 எப்போது திரும்பும்?

நம்மில் பலரும் போடும் கணக்கு இப்படித்தான் போகும். பில் தொகையை யூனிட்டால் வகுத்து, ஒரு யூனிட் சராசரியாக 4.40 ரூபாய் என்று எடுப்போம். மிச்சமாகும் யூனிட்டை அதனால் பெருக்குவோம். நானும் முதலில் அப்படித்தான் போட்டேன். அது தப்பு, அதுவும் சின்னத் தப்பு இல்லை.

முதலில் யூனிட்டைப் பார்ப்போம். மிச்சமாகும் வாட்டை ஒரு நாளைக்கு எரியும் மணியால் பெருக்கி, அதை 60 நாளால் பெருக்கி, 1000-ஆல் வகுத்தால் ஒரு பில்லுக்கு மிச்சமாகும் யூனிட் வந்துவிடும். 30 நாளுக்குப் போட்டுவிட்டு இரண்டு மாத பில்லோடு ஒப்பிடுகிறவர்கள் உண்டு. நம் ஊரில் கணக்கெடுப்பு இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை. யூனிட் விலை மாறும் 100, 200, 400, 500 என்ற படிகளும் இரண்டு மாதத்துக்கானவை.

டியூப் லைட்டில் 40 வாட் என்று எழுதியிருப்பது குழாய்க்கு மட்டும். பழைய செம்புக் கம்பி சோக் தனியாக 12 வாட் போலத் தின்னும். தொட்டுப் பார்த்தால் சுடுகிறதே, அந்தச் சூடும் மீட்டரில் ஏறுகிற கரண்ட்தான். ஆக 52 வாட். அந்த இடத்தில் 20 வாட் எல்.இ.டி. போட்டால் மிச்சம் 32 வாட். இன்னொன்று, பழைய பட்டியிலேயே எல்.இ.டி. குழாயை மாட்டுகிறவர்கள் சோக்கைக் கழற்றாமல் விட்டால் நஷ்டத்தில் கொஞ்சம் அப்படியே நிற்கும். எலக்ட்ரீஷியனிடம் சொல்லி வயரை மாற்றிவிடுங்கள்.

ஹால் டியூப் ஒவ்வொன்றும் தினம் 5 மணி நேரம் எரிந்தால் இரண்டுக்கும் சேர்த்து ஒரு பில்லுக்கு 19 யூனிட் குறையும். சமையலறையில் 60-க்குப் பதில் 9 வாட், 4 மணி நேரம் என்றால் 12 யூனிட். வாசல் பல்பு 10 மணி நேரம் எரிவதால் அது ஒன்றே 31 யூனிட். மொத்தம் 62.

இனிதான் விலை. மிச்சமாகும் யூனிட் பில்லின் அடியிலிருந்து குறையாது, உச்சிப் படியிலிருந்துதான் குறையும். 2024 ஜூலை வீட்டுக் கட்டணத்தில் முதல் 100 யூனிட் இலவசம். மொத்தம் 500-க்குள் இருந்தால் 101 முதல் 200 வரை 2.35 ரூபாய், 201 முதல் 400 வரை 4.70, அதற்கு மேல் 500 வரை 6.30. 500-ஐத் தாண்டினால் அந்த 2.35 சலுகை போய்விடும்; 101-லிருந்தே 4.70. 500-க்கு மேல் 600 வரையுள்ள யூனிட்டுக்கு 8.40. உங்கள் பில்லில் விகிதம் மாறியிருந்தால் அதைப் போட்டுக்கொள்ளுங்கள், வழி ஒன்றுதான்.

நம் வீட்டின் 540 யூனிட்டுக்குப் பில் 2,376 ரூபாய். 62 குறைந்து 478 ஆனால் பில் 1,666 ரூபாய். வித்தியாசம் 710. சராசரியில் போட்டிருந்தால் 273 என்று வந்திருக்கும்; காசு திரும்ப ஐந்து மாதம் என்று நினைத்திருப்போம். உண்மையில் ஒரே பில்லில் 700 ரூபாயும் வந்துவிடுகிறது. 500 என்ற அந்தப் படியைத் தாண்டி இறங்கியது மட்டுமே 235 ரூபாய் தந்திருக்கிறது. வாசல் பல்பை மட்டும் மாற்றி நிறுத்தியிருந்தால் 509-இல் நின்றிருப்போம், அந்த 235 கைக்கு வந்திருக்காது. இப்படிப் படிக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் ஒவ்வொன்றாக மாற்றுவதைவிட ஒரே மூச்சில் மாற்றுவது நல்லது.

சரி, அதே பல்புகள், அதே மணிநேரம், வேறு வீடு. 300 யூனிட் ஓடும் வீட்டில் அந்த 62 யூனிட்டும் 4.70 படியில் இருக்கிறது. மிச்சம் 291 ரூபாய், ஐந்து மாதத்துக்குள் காசு வந்துவிடும். 130 யூனிட் ஓடும் சின்ன வீட்டில் காசு கட்டுவதே 30 யூனிட்டுக்குத்தான். 62 குறைத்தாலும் மிச்சம் 70 ரூபாய் 50 காசு. 700 திரும்ப பத்து பில், அதாவது 20 மாதம் ஆகும். 90 யூனிட் ஓடும் வீட்டில் பில்லே இல்லை. அங்கே 700 ரூபாய் திரும்பவே திரும்பாது. அந்த வீட்டுக்காரர் பழைய பல்பு ஃபியூஸ் போகும்போது மாற்றினால் போதும். கடையில் எல்லாருக்கும் ஒரே பதிலைத்தான் சொல்கிறார்கள்.

ஸ்டோர் ரூம் பல்பை மாற்றிவிட்டு மிச்சம் எங்கே என்று தேடுவதும் நடக்கிறது. தினம் பத்து நிமிடம் எரியும் 60 வாட் பல்பை மாற்றினால் ஒரு பில்லுக்கு அரை யூனிட்தான் குறையும். 4.70 படியில் 2 ரூபாய் 40 காசு. 100 ரூபாய் பல்புக்கு ஏழு வருடம் ஆகும். எரியும் மணியைச் சும்மா நினைவிலிருந்து எழுதினால் கூடுதலாகத்தான் எழுதுவோம். ஒரு வாரம் கவனித்து எழுதிப் பாருங்கள்.

அதற்கு நேர்மாறானது ஜீரோ வாட் பல்பு. பூஜை அறையில், படுக்கை அறையில் இரவெல்லாம் எரியும். பெயரை நம்பி யாரும் அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. பழைய சுழலும் மீட்டரில் அது ஓடுவது சரியாகத் தெரியாததால் வந்த பெயர் என்பார்கள். உண்மையில் 12 முதல் 15 வாட் வரை எடுக்கும். 15 வாட், இரவு 10 மணி நேரம் என்றால் ஒரு பில்லுக்கு 9 யூனிட். அதே இடத்தில் அரை வாட் எல்.இ.டி. 20 ரூபாய்க்குக் கிடைத்தால், 4.70 படியில் ஒரே பில்லில் 40 ரூபாய் மிச்சம்.

சி.எஃப்.எல். போட்டிருப்பவர்களுக்கு அவசரம் ஏதுமில்லை. 14 வாட்டிலிருந்து 9 வாட்டுக்கு இறங்கினால் மிச்சம் 5 வாட்தான்.

அப்புறம் ஆயுள். பெட்டியில் போட்டிருக்கும் 25,000 மணி நேரம் உள்ளிருக்கும் டையோடு தாங்கும் காலம். முதலில் போவது பெரும்பாலும் அதை ஓட்டும் டிரைவர் சர்க்யூட். காற்றுப் புகாத கண்ணாடிக் குடுவைக்குள் மாட்டினால் சூட்டில் சீக்கிரம் போகும். எரியும்போது விட்டுவிட்டு மின்னினால் அது போகப்போவதற்கு அடையாளம். கணக்கில் வரும் மாதம் வாரண்டி காலத்தைத் தாண்டினால் அந்த லாபத்தை நம்ப வேண்டாம்.

ஏற்காட்டில் வார இறுதிக்கு மட்டும் போய்வரும் வீட்டுக்கு இலவச யூனிட், பல்பின் ஆயுள் இரண்டும் சேர்ந்து வரும். மாதம் எட்டு நாள் விளக்கு எரிந்தால் பெரும்பாலும் 100 யூனிட்டைத் தொடாது, அதனால் மிச்சமும் பூஜ்யம். மழைக்கால இடியில் விலை உயர்ந்த பல்பு போனால் நஷ்டம் வேறு. அதே வீட்டை வாடகைத் தங்கலாக நடத்தி, வணிகக் கட்டணம் போட்டால் இலவச யூனிட் கிடையாது. அங்கே முதல் யூனிட்டிலிருந்தே மிச்சம் ஓடும்.

மாற்றிய பிறகு வரும் பில்லை முந்தைய பில்லோடு ஒப்பிடாதீர்கள். சேலத்து ஏப்ரல், மே வெயிலில் ஃபேனும் ஏ.சி.யும் பல்பு மிச்சத்தை விழுங்கிவிடும். போன வருடம் இதே மாதப் பில்லை எடுத்து யூனிட்டைப் பாருங்கள், ரூபாயை அல்ல.