வேணாம் என்று சொன்னது 'வேணும்' என்று விழுந்தது: சப்டைட்டில் போடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாம்பனில் எங்கள் மாமா ஒருவர் இருக்கிறார். முப்பது வருஷத்துக்கு மேல் விசைப்படகில் எஞ்சின் பக்கத்திலேயே நின்று வேலை பார்த்தவர், இப்போது பேச்சு சரியாகக் காதில் விழுவதில்லை. சத்தம் கேட்கிறது, சொல்தான் புரியவில்லை என்பார். எஞ்சின் இரைச்சலில் வருஷக்கணக்காக இருந்தவர்களுக்கு முதலில் போவது கீச்சென்ற மேல் சுருதி ஒலிகள். ச, த, ட, க மாதிரி எழுத்துகளைப் பிரித்துக் காட்டுகிற ஒலி அந்தப் பக்கம்தான் அதிகம் இருக்கிறது. அதனால் வால்யூமைக் கூட்டி வைத்தாலும் அவருக்குப் பெரிதாகப் பிரயோஜனம் இல்லை.

போன கச்சான் காற்று சீசனில் நான் ஒரு நிமிஷ வீடியோ ஒன்று போட்டேன். காற்று வேகமாக இருக்கிறது, புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள், தென்கடல் பக்கம் நாட்டுப்படகு போக வேணாம் என்பதுதான் விஷயம். சப்டைட்டில் தானாக விழுந்தது, நானும் திரும்பிப் பார்க்காமல் ஏற்றிவிட்டேன். மாமா அதைப் பார்த்துவிட்டு, "மாப்ளே, போக வேணும்னு போட்டிருக்கே?" என்று கேட்டார். எடுத்துப் பார்த்தால் கச்சான் 'கட்சிதான்' ஆகியிருந்தது, அதையாவது யாரும் ஊகித்துவிடுவார்கள், ஆனால் 'வேணாம்' என்பது 'வேணும்' என்று அச்சு அசலாக நின்றது.

இதிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். தமிழில் ஆமாமா இல்லையா என்பது வாக்கியத்தின் கடைசியில்தான் வரும். வேணாம், கூடாது, போகல, வராது, எல்லாமே வால் பக்கம். நாம் பேசும்போது குரலை இறக்குவதும் அந்த இடத்தில்தான், மூச்சு தீர்வதும் அங்கேதான், கடற்கரையில் காற்று அடித்துக்கொண்டு போவதும் அந்தக் கடைசி அசையைத்தான். ஆகவே தானாக வரும் சப்டைட்டிலை அப்படியே நம்புவது முதல் தவறு. முழுக்கத் திருத்த நேரம் இல்லையென்றால்கூட மூன்றை மட்டுமாவது ஒலியோடு வைத்துப் பாருங்கள்: வாக்கியத்தின் கடைசிச் சொல், எண்கள் (கூண்டு நம்பர், தேதி, மணி), அப்புறம் ஊர்ச் சொற்கள். வாடை, கச்சான், கொண்டல், வத்தை, வல்லம், தென்கடல், வடகடல் இதெல்லாம் அந்த மென்பொருளுக்குப் பழக்கமில்லாத சொற்கள். தென்கடல் என்றால் மன்னார் வளைகுடா, வடகடல் என்றால் பாக் நீரிணை என்பது நமக்குத் தெரியும், அதுக்குத் தெரியாது.

அடுத்த தவறு, வாக்கியத்தை எங்கே வேண்டுமானாலும் வெட்டுவது. 'நாட்டுப்படகு தென்கடலுக்குப் போக' என்று ஒரு திரையும், 'வேணாம்' என்று அடுத்த திரையும் வந்தால், நடுவில் ஒரு கணம் கண்ணை எடுத்தவருக்குப் பாதி விஷயம்தான் போய்ச் சேரும். வினையையும் அதன் மறுப்பையும் ஒரே திரையில், முடிந்தால் ஒரே வரியில் வையுங்கள். நான் திருத்தி எழுதிய SRT சப்டைட்டில் கோப்பில் ஒரு பகுதி இது:

```
7
00:00:21,200 --> 00:00:24,000
நாளைக்குக் கச்சான் காத்து
வேகமா இருக்கும்

8
00:00:24,100 --> 00:00:26,900
மூணாம் நம்பர் கூண்டு
ஏத்தியிருக்காங்க

9
00:00:27,000 --> 00:00:30,500
நாட்டுப்படகு தென்கடலுக்குப்
போக வேணாம்
```

இரண்டு வரிக்கு மேல் போகவில்லை, எந்தத் திரையும் இரண்டரை வினாடிக்குக் குறையவில்லை. முக்கியமான ஒன்பதாவது திரைக்கு மட்டும் பேச்சு முடிந்த பிறகும் அரை வினாடி கூடுதலாகக் கொடுத்தேன். பேசியபடியே 'காத்து', 'ஏத்தியிருக்காங்க' என்று விட்டதும் தெரிந்தேதான், ஏனென்றால் காது மந்தமானவர்கள் பலர் உதட்டையும் சேர்த்துப் படிக்கிறார்கள். வாய் ஒன்று சொல்ல, எழுத்து 'காற்று', 'ஏற்றியுள்ளனர்' என்று வேறொன்று சொன்னால் இரண்டுமே குழம்பும். இன்னொன்று, SRT கோப்பில் நேரம் எழுதும்போது மில்லி வினாடிக்கு முன்னால் வருவது காற்புள்ளி, அங்கே புள்ளி வைத்தால் சில இடங்களில் கோப்பு ஏறாது. சேமிக்கும்போது UTF-8 என்று தேர்ந்தெடுங்கள், இல்லாவிட்டால் தமிழ் எழுத்தெல்லாம் கேள்விக்குறியாக வந்து நிற்கும்.

ஒலி விஷயத்துக்கு வருகிறேன். 'சப்டைட்டில்தான் இருக்கிறதே, ஆடியோ எப்படி இருந்தால் என்ன' என்று நினைக்காதீர்கள். கொஞ்சம் காது கேட்பவர்கள்தான் நிறையப் பேர், அவர்கள் கேட்பதையும் படிப்பதையும் சேர்த்துத்தான் புரிந்துகொள்கிறார்கள். போனைக் கைநீட்டிப் பிடித்துக்கொண்டு தனுஷ்கோடி மணலில் நின்று பேசினால் மைக்கில் விழுவது காற்றுதான். காலர் மைக்கை மோவாய்க்கு ஒரு சாண் கீழே குத்தி, அதன் மேல் முடி வைத்த உறையை மாட்டுங்கள், கருப்புப் பஞ்சு மட்டும் கச்சானுக்குத் தாங்காது. காற்று முதுகில் படும்படி நின்றால் உங்கள் உடம்பே மறைப்பு. எடிட்டிங்கில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டினால் காற்றின் உறுமல் குறையும், ஆனால் ஒலி உச்சத்தில் முட்டி உடைந்திருந்தால் அதை எதுவும் சரிசெய்யாது. அந்த வாக்கியத்தைத் திரும்பப் பேசித்தான் ஆக வேண்டும். நான் வலை வைக்கும் கொட்டகைக்குள் போய்ப் பேசினேன்.

பேச்சுக்கு அடியில் பாட்டு ஓட விடுவதையும் நிறுத்திவிட்டேன். விடத்தான் வேண்டும் என்றால் பேச்சைவிட 20 டெசிபலாவது கீழே இருக்க வேண்டும், இணைய அணுகல் விதிகளான WCAG சொல்லும் அளவு அது. காது மெஷின் போட்டிருப்பவருக்கு அது பாட்டையும் சேர்த்தேதான் பெரிதாக்கிக் கொடுக்கும், அதை மறக்காதீர்கள்.

திரையில் நாமே போடும் எழுத்தில் எங்கள் பக்கம் ஒரு தனிச் சிக்கல் உண்டு. பின்னால் எப்போதும் கடலும் வானமும் வெள்ளை மணலும்தான், அதில் வெள்ளை எழுத்து கரைந்துபோகும். பார்ப்பவரும் கரையில் வெயிலில் நின்றுதான் போனைப் பார்க்கிறார். நிழல் வைப்பதும் ஓரக்கோடு போடுவதும் போதாது, எழுத்துக்குப் பின்னால் கருப்புப் பட்டை வையுங்கள். ஓரக்கோடு தடித்தால் தமிழில் புள்ளி அடைந்துவிடும், சுழிகள் நிரம்பிவிடும், ண்-ம் ண-வும் ஒன்றாகத் தெரியும். அலங்கார எழுத்துருவிலும் இதே கதைதான். 'கொ'வின் கொம்பு தனியாகப் பிரிந்து நின்றால் அந்தச் செயலியின் எழுத்துரு தமிழுக்கு ஆகாது, மாற்றுங்கள்.

இடமும் பார்க்க வேண்டும். கூண்டு நம்பரை நான் முதலில் கீழே போட்டிருந்தேன், சப்டைட்டில் சரியாக அதன் மேலேயே வந்து உட்கார்ந்துகொண்டது. இப்போது எண், தேதி எல்லாம் மேலே, கீழ்ப்பகுதி சப்டைட்டிலுக்கு மட்டும். நிமிர்ந்த வீடியோவில் அடி ஓரத்தையும் வலது ஓரத்தையும் செயலியின் பட்டன்கள் மறைக்கும், அங்கே எதையும் வைக்காதீர்கள். அந்த எழுத்து எவ்வளவு நேரம் நிற்கலாம் என்றால், நீங்கள் நிதானமாக இரண்டு தடவை வாய்விட்டுப் படிக்கும் நேரம்.

ஏற்றுவதற்கு முன்னால் ஒலியை அடைத்துவிட்டு முழுதாக ஒருமுறை பாருங்கள். அப்படிப் பார்த்தபோதுதான் இன்னொன்று தெரிந்தது. வீடியோவில் கேமராவுக்குப் பின்னால் இருந்து ஒருவர் "எத்தனை நாளைக்கு?" என்று கேட்கிறார், நான் திரும்பிப் பதில் சொல்கிறேன். சத்தம் இல்லாமல் பார்த்தால் நான் யாரிடம் பேசுகிறேன் என்றே தெரியவில்லை. '[பின்னாலிருந்து ஒருவர்] எத்தனை நாளைக்கு?' என்று ஒரு திரை சேர்த்தேன். மாமாவிடம் மறுபடி போனைக் கொடுத்தேன். கடைசிவரை பார்த்துவிட்டு, மறு அறிவிப்பு வரும் வரைக்குமா என்று அவரே கேட்டார்.