நாற்பது நிமிடத்தில் ஒப்பீட்டுக் கட்டுரை: பிளாக் முறையா, பாயின்ட் பை பாயின்ட் முறையா?

ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு கடைசி வரை போவோம். "வாடகை வீட்டில் குடியிருப்பதையும் சொந்த வீடு வாங்குவதையும் ஒப்பிட்டு எழுதுக." ஐஇஎல்டிஎஸ் எழுத்துத் தேர்வின் இரண்டாம் பகுதியைப் போல நேரம் 40 நிமிடம், குறைந்தது 250 சொற்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே ஆங்கிலத்தில் எழுத வேண்டும். மாதிரிகளை நான் தமிழில் தருகிறேன், அமைப்பு மாறாது.

முதலில் ஒரு கட்டம்

முதல் ஐந்து நிமிடத்தில் வாக்கியம் எதுவும் எழுத வேண்டாம். வினாத்தாள் ஓரத்தில் மூன்று வரிசை, இரண்டு பத்தி கொண்ட சின்னக் கட்டம் போடுங்கள். இடப்பக்கப் பத்தி வாடகை, வலப்பக்கப் பத்தி சொந்த வீடு. மூன்று வரிசைகளுக்கு நான் வைப்பது: கையிலிருந்து போகும் பணம், ஊர் மாறும் வசதி, வீட்டின் மேல் உரிமை.

ஒரு வரிசை தேறுமா என்று பார்க்க எளிய வழி உண்டு. இரண்டு கட்டத்திலும் எழுத ஏதாவது இருக்க வேண்டும். "சொத்து வரி" என்று ஒரு வரிசை போட்டால் வாடகைப் பக்கம் காலியாக நிற்கும். அதைத் தனி வரிசையாக வைக்காமல் பணம் என்ற வரிசைக்குள் சேர்த்துவிடுங்கள்.

கட்டத்தை எப்படிப் படிப்பது

இரண்டு முறைக்கும் கட்டம் ஒன்றுதான். மேலிருந்து கீழாகப் படித்தால் பிளாக் முறை: வாடகையைப் பற்றி மூன்றையும் சொல்லி முடித்துவிட்டு, அப்புறம் சொந்த வீட்டைப் பற்றி மூன்றையும் சொல்வது. இடமிருந்து வலமாகப் படித்தால் பாயின்ட் பை பாயின்ட்: பணத்தில் இரண்டும் எப்படி, ஊர் மாறுவதில் இரண்டும் எப்படி என்று வரிசைக்கு ஒரு பாரா.

நேரம் குறித்த தேர்வில் நான் இரண்டாவதையே எழுதச் சொல்வேன். பிளாக் முறையில் எழுதுபவர், மனதில் சரக்கு நிறைய இருக்கும்போது முதல் பக்கத்தை விரித்துவிடுவார். வாடகைக்கு 130 சொல் போன பிறகு கடிகாரத்தைப் பார்த்தால், சொந்த வீட்டுக்கு 60 சொல்லுக்குத்தான் நேரம் இருக்கும். கேட்ட ஒப்பீடு முழுக்க அந்த 60 சொல்லுக்குள் நடக்க வேண்டும், பெரும்பாலும் நடக்காது. பாயின்ட் பை பாயின்ட் முறையில் நேரம் போய்விட்டால் மூன்றாவது பாரா சுருங்கும், அவ்வளவுதான். முதல் இரண்டு ஒப்பீடுகளும் முழுசாகத் தாளில் இருக்கும்.

பிளாக் முறை பொருந்தும் இடமும் உண்டு. "மேம்பாலம் வருவதற்கு முன்பும் பின்பும் உங்கள் தெரு" என்று முன்னும் பின்னுமாகக் கேட்டால், கதையாகச் சொல்ல அதுவே வசதி. 150 சொல்லில் முடியும் சின்ன விடைக்கும் அது போதும்.

ஒரு பாரா எழுதுவோம்

இங்கே வழக்கமாக நடக்கும் தவறு, வாக்கியத்துக்கு வாக்கியம் பக்கம் மாறுவது. வாடகை, சொந்தம், வாடகை, சொந்தம் என்று தாவினால் படிப்பவர் தலை சுற்றிப்போவார். ஒரு பாராவுக்குள் ஒரே ஒரு முறை பக்கம் மாறினால் போதும். இப்படி:

"வாடகை வீட்டில் இருப்பவருக்கு வேலை வேறு ஊருக்கு மாறினால் பெரிய சிக்கல் இல்லை. ஒப்பந்தப்படி முன்னறிவிப்பு கொடுத்துவிட்டு, முன்பணத்தை வாங்கிக்கொண்டு கிளம்பலாம். சொந்த வீட்டுக்காரருக்கோ அந்த முடிவு அத்தனை எளிதல்ல. வீட்டை விற்கப் பல மாதம் ஆகலாம், அதுவரை தவணையும் ஓடும். ஆகவே, அடிக்கடி இடமாற்றம் வரும் வேலையில் இருப்பவருக்கு வாடகையே பொருத்தம்."

"சொந்த வீட்டுக்காரருக்கோ" என்பதில்தான் பாரா திரும்புகிறது. கடைசி வாக்கியத்தையும் கவனியுங்கள். வித்தியாசத்தைச் சொன்னதோடு நிற்காமல், அதனால் யாருக்கு எது பொருந்தும் என்று அது தீர்ப்புச் சொல்கிறது. பலர் விட்டுவிடுவது இதைத்தான். மூன்று பாராவிலும் வாடகை முதலில், சொந்த வீடு அடுத்து என்ற வரிசையை மாற்றாதீர்கள்.

அளவு இப்படிப் பிரியும்: முன்னுரைக்கு 40 சொல், மூன்று பாராவுக்குத் தலா 65, முடிவுக்கு 30. மொத்தம் 265.

பிளாக் முறையில்தான் எழுதுவேன் என்றால்

இரண்டாம் பகுதியிலும் அதே மூன்று வரிசை, அதே ஒழுங்கில் வர வேண்டும். ஒவ்வொன்றையும் தொடங்கும்போது முதல் பகுதியைத் தொட்டுவிட்டு வாருங்கள்: "வாடகைதாரர் ஆணி அடிக்கக்கூட அனுமதி கேட்க வேண்டும் என்று பார்த்தோம், இங்கே சுவரையே இடித்துக் கட்டலாம்." எழுதிய பிறகு முதல் பகுதியைக் கையால் மூடிக்கொண்டு இரண்டாம் பகுதியை மட்டும் படியுங்கள். எதுவும் குறையாமல் தனியாகப் புரிந்தால், நீங்கள் எழுதியிருப்பது ஒட்டிவைத்த இரண்டு கட்டுரைகள்.

நேரம் கைமீறினால்

30ஆவது நிமிடத்தில் மூன்றாவது வரிசை இன்னும் தொடங்கவில்லை என்றால், அதற்கு இரண்டு பக்கத்தையும் தொடும் இரண்டே வாக்கியம் எழுதிவிட்டு முடிவுரைக்குப் போய்விடுங்கள். மீதியைப் பிழை பார்க்க வைத்துக்கொள்ளுங்கள்.